பாதியில் நின்ற பயணப் படம்

சிறுகதைக்கு ஏற்ற கரு இது. கணவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருக்கின்றன. பரணை ஒழிக்கும்போது மனைவியின் கையில் சில தகர டப்பாக்கள் கிடைக்கின்றன. திறந்தால் பிலிம் சுருள்கள். எப்போதோ ஊர் ஊராகச் சுற்றி எடுத்து, வேலை, பிள்ளைகள், உடம்பு என்று ஏதோ ஒன்று குறுக்கே வர, அவர் முடிக்காமல் விட்ட பயணப் படம். அதை அவள் முடிக்கிறாள்.

இந்தக் கருவை எழுத உட்காரும் யாரும் அநேகமாக ஒரே இடத்துக்குத்தான் போவார்கள். இருட்டு அறை, சுவரில் ஆடும் வெளிச்சம், கணவரின் முகம், கண்ணீர். அதன்பின் இரண்டு பத்தியில் படம் முடிந்துவிடும். ஆனால் உண்மையில் சிக்கல் தொடங்குவதே அந்தக் கண்ணீருக்குப் பிறகுதான். சுருளில் இருப்பது காட்சி மட்டுமே. ஒரு படகுத்துறை தெரிகிறது, எந்த ஊர் என்று தெரியாது. ஒரு கிழவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், அவர் யார், எதற்காகச் சிரித்தார் என்று தெரியாது. அதையெல்லாம் சொல்லவேண்டியவர் போய்விட்டார். பயணப் படத்தில் பாதி பிலிமில் இருக்கும், மறுபாதி எடுத்தவரின் வாயில் இருக்கும். மனைவி முடிக்கவேண்டியது அந்த மறுபாதியை.

இது கற்பனை மட்டும் இல்லை. இந்த நிலையில் நின்ற பெண்கள் நிஜத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும் புகழோடும் பெரும் துயரத்தோடும் நின்றவர் அமெரிக்காவின் ஓசா ஜான்சன்.

கான்சாஸ் மாநிலத்தில் சனூட் என்ற சிற்றூரில் 1894-இல் பிறந்தவர் ஓசா. அவர் மணந்த மார்ட்டின் ஜான்சன் பத்து வயது மூத்தவர். எழுத்தாளர் ஜாக் லண்டன் 1907-இல் 'ஸ்னார்க்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டபோது கூடவே போனவர் மார்ட்டின். ஊர் திரும்பியதும் அந்தப் பயணத்தின் படங்களைத் திரையில் காட்டிப் பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டார். 1910-இல் திருமணம் நடந்தபோது ஓசாவுக்கு வயது பதினாறு.

அடுத்த இருபத்தேழு ஆண்டுகள் இருவரும் வீட்டில் இருந்ததைவிட வெளியே இருந்ததே அதிகம். தென் பசிபிக் தீவுகள், போர்னியோ, கென்யா, காங்கோ என்று போய்ப் படம் பிடித்தார்கள். 'சிம்பா', 'காங்கோரில்லா', 'பபூனா' ஆகியவை அமெரிக்கத் திரையரங்குகளில் கூட்டம் சேர்த்த படங்கள். நீரிலும் நிலத்திலும் இறங்கும் இரண்டு சிறு விமானங்களை வாங்கி, ஒன்றுக்கு வரிக்குதிரைக் கோடுகளும் மற்றொன்றுக்கு ஒட்டகச்சிவிங்கிப் புள்ளிகளும் தீட்டி, ஆப்பிரிக்கா மேல் பறந்தார்கள்.

அவர்களுக்குள் இருந்த வேலைப் பிரிவினையைக் கவனிக்கவேண்டும். கேமராவுக்குப் பின்னால் மார்ட்டின். பக்கத்தில் துப்பாக்கியோடு ஓசா, விலங்கு பாய்ந்தால் கணவரைக் காக்க. பல காட்சிகளில் அவரே கேமராவின் முன்னாலும் இருப்பார். மார்ட்டின் காட்சி பிடிப்பவர், ஓசா காட்சியில் தெரிபவர். ஊர் திரும்பி மேடை ஏறினால் முதன்மைப் பேச்சாளர் மார்ட்டின்தான்.

மேடை என்று சொன்னதை விளக்கவேண்டும், இன்றைய வாசகருக்கு அது பழக்கமில்லாத சங்கதி. அந்தக் காலத்தில் பயணப் படம் இரண்டு வடிவங்களில் மக்களைச் சென்றடைந்தது. ஒன்று திரையரங்கில் ஓடும் முழுப் படம். மற்றொன்று சொற்பொழிவுப் படம். பெரிய மண்டபம், டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், திரையில் மௌனமாக ஓடும் காட்சி, ஓரத்தில் நின்று பேசும் பயணி. முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்துக்கான சொற்கள் பிலிமில் இருக்காது, பேசுபவரின் நினைவில் இருக்கும். யானை திரும்பும்போது எங்கே நிறுத்தவேண்டும், படகு கவிழும் முன் எந்தக் கதையைத் தொடங்கவேண்டும் என்பதெல்லாம் அவருடைய நாக்கில் பழகிப்போன விஷயம். அவர் இல்லாவிட்டால் சுருள் இருக்கும், நிகழ்ச்சி இருக்காது.

1935-இல் ஜான்சன் தம்பதி மறுபடியும் போர்னியோ சென்றார்கள். இன்று மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபடாங்கன் ஆற்றங்கரையில், அபாய் என்ற இடத்தில் முகாம் அமைத்து, நீண்ட மூக்குள்ள குரங்குகளையும் ஒராங்குட்டான்களையும் யானைகளையும் படம் பிடித்தார்கள். மறு ஆண்டு சுருள்களோடு திரும்பினார்கள். சொற்பொழிவுச் சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. திரையரங்குக்கான படம் இன்னும் வெளிவரவில்லை.

1937 ஜனவரி 12. சால்ட் லேக் சிட்டியிலிருந்து கலிபோர்னியாவின் பர்பாங்க்குக்கு அவர்கள் ஏறிய பயணிகள் விமானம், மோசமான வானிலையில், நியூஹால் அருகே மலையில் மோதியது. மறுநாள் மருத்துவமனையில் மார்ட்டின் இறந்தார். ஓசா பலத்த காயத்தோடு பிழைத்தார். காட்டில் யானையும் சிங்கமும் எதிர்ப்பட்ட இத்தனை ஆண்டுகளில் எதுவும் ஆகாதவர், சொந்த நாட்டில், சொற்பொழிவுக்குப் போகும் வழியில் போய்ச் சேர்ந்தார்.

ஓசா சுற்றுப்பயணத்தைக் கைவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடைக்கு வந்து பேசினார். இதைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது வழக்கம். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அதுவரை திரையில் தெரிந்தவர் ஓசா, திரையைப் பற்றிப் பேசியவர் மார்ட்டின். இப்போது திரையில் தெரிகிறவரே, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே நடந்தது என்ன என்று சொல்கிறார். கணவர் பேசியபோது அது ஒளிப்பதிவாளரின் சாகசம். மனைவி பேசும்போது அதே காட்சி, துப்பாக்கி பிடித்து நின்றவளின் அனுபவமாக மாறுகிறது. பிலிமில் ஓர் அங்குலம்கூட வெட்டாமல் படம் வேறு படமாகிறது.

திரையரங்குப் படம் என்னவாயிற்று? 'போர்னியோ' என்ற பெயரில் அதே ஆண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்டது. அதற்குப் பின்னணிக் குரல் தந்தவர் அன்றைய புகழ்பெற்ற வானொலிச் செய்தியாளர் லோவல் தாமஸ். கம்பீரமான, பழகிய குரல். ஆனால் ஆற்றங்கரை முகாமில் இருந்தவரின் குரல் அல்ல. ஆக ஒரே பயணத்துக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று ஸ்டூடியோ முடித்தது, ஊர் ஊராக ஓடியது. மற்றொன்று மனைவி முடித்தது, மேடையோடு காற்றில் கரைந்தது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 1940-இல் ஓசாவின் பெயரில் வந்த 'சாகசத்தை மணந்தேன்' என்ற நினைவுக் குறிப்பு அந்த ஆண்டின் மிக அதிகம் விற்ற நூல்களில் ஒன்று. அந்தப் புத்தகத்தை ஒட்டி அதே ஆண்டு ஒரு படமும் வந்தது. படத்தில் சொல்ல முடியாமல் நின்றதைப் புத்தகம் சொல்லி முடித்தது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. ஜான்சன் தம்பதியின் படங்கள் காட்டிய மனிதர்களை நடத்திய விதம் இன்று பார்க்கக் கூசும். 'காங்கோரில்லா'வில் காங்கோக் காட்டின் பிக்மி மக்களுக்குச் சுருட்டைக் கொடுத்தும் ஜாஸ் இசையைப் போட்டும் வேடிக்கை பார்க்கும் காட்சிகள் உண்டு. கணவரின் சுருளை வாரிசாகப் பெறும் மனைவி, அவருடைய பார்வையையும் சேர்த்தே பெறுகிறார். அதை அப்படியே தொடர்வதா, வெட்டுவதா, வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதா? ஓசா கேள்வி கேட்கவில்லை. அவர் காலம் அப்படி, அவர் பிழைப்பும் அதுவே. ஆனால் இன்று எழுதப்படும் கதையின் நாயகி, கணவர் எடுத்த ஒரு காட்சியைப் பார்த்து 'இதை ஏன் எடுத்தார்' என்று ஒரு முறையாவது முகம் சுளிக்கவில்லை என்றால் அந்தக் கதையை நான் நம்பமாட்டேன்.

இனி நம் கதையின் பெண்ணுக்கு வருவோம். அவளிடம் ஸ்டூடியோ இல்லை, விமானம் இல்லை. பரணிலிருந்து இறக்கிய டப்பாக்கள் மட்டும். வீட்டுப் பிலிம் என்றால் பெரும்பாலும் எட்டு மில்லிமீட்டர் அல்லது சூப்பர் எட்டு. சூப்பர் எட்டுச் சுருள் ஒன்று ஐம்பது அடி. நொடிக்குப் பதினெட்டுப் படம் என்ற வழக்கமான வேகத்தில் அது மூன்று நிமிடம் இருபது நொடி ஓடும். இருபத்துநான்கு சுருள் இருந்தால் எண்பது நிமிடம். கேட்கப் பெரிதாக இருந்தாலும் அதில் ஆட்டம், இருட்டு, ஒரே மலையைத் திரும்பத் திரும்ப எடுத்தது எல்லாம் போகக் காலே அரைக்கால்தான் தேறும்.

அவள் முதலில் செய்யவேண்டியது மோந்து பார்ப்பது. டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிதையும்போது வெளிவரும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும், எனவே ஒருமுறை தொடங்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும். வாடை வரும் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவேண்டும். சிதைந்த பிலிம் சுருங்கும், ஓரம் நெளியும். நீளத்தில் ஒரு சதவீதம் சுருங்கினாலே ஓரத்துத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு சரியாகப் பொருந்தாது. இன்னும் பழைய, 1951-க்கு முந்தைய முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளாக இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். அது கொழுந்துவிட்டு எரியும் பொருள், வீட்டில் வைக்கவே கூடாது.

அடுத்து, கதாசிரியர்கள் அனைவரும் விரும்பும் அந்தச் சுவர்க் காட்சி. அதை நடத்தவிடக் கூடாது என்பேன். வீட்டுப் பிலிம் பெரும்பாலும் ரிவர்சல் வகை. அதற்கு நெகடிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிமைக் கழுவினால் அதுவே திரையில் காட்டும் பிரதி. உலகத்தில் அது ஒன்றுதான். பல ஆண்டு ஓடாத புரொஜெக்டரில் அதை மாட்டினால், உலர்ந்த ரப்பரும் துருவும் கீறலாகப் பதியும், இல்லையென்றால் துளை கிழியும். பல்லில் சிக்கி நின்றுவிட்டால் விளக்குச் சூட்டில் படம் கண்ணெதிரே கருகும். கணவரின் முகத்தை முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் அந்த முதல் பார்வையே அந்த முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதாக ஆகிவிடலாம். பற்சக்கரம் இல்லாமல் உருளைகளில் மெதுவாக ஓட்டி ஒவ்வொரு படமாகப் பிடிக்கும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. முதலில் அங்கே கொடுத்து, வந்த கோப்பைக் கணினியில் பார்ப்பதே முறை.

கழுவாத சுருள் ஒன்றிரண்டு இருந்துவிட்டால் நிலைமை வேறு. வீட்டுப் படமெடுப்பவர்கள் கொண்டாடிய கோடாக்ரோம் பிலிமுக்குத் தனி இரசாயன முறை தேவை. அதை உலகில் கடைசியாகச் செய்துவந்த கூடமும் 2010 டிசம்பர் இறுதியோடு சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டது. அது இருந்ததும் ஓசாவின் கான்சாஸ் மாநிலத்திலேயே. இனி அந்தச் சுருளை வண்ணத்தில் கழுவ வழியில்லை. கறுப்பு வெள்ளையாக, அதுவும் மங்கலாக, ஏதாவது எடுக்கலாம். ஆனால் அன்றே கழுவிய கோடாக்ரோம் இருட்டில் வைத்திருந்தால் நிறம் அற்புதமாக நிற்கும். செந்நிறமாக வெளுத்துப்போன படத்தையே எதிர்பார்த்து உட்காருபவருக்கு நேற்று எடுத்ததுபோல் ஆகாயம் நீலமாகத் தெரியும்.

ஸ்கேன் ஆகி வந்ததும் வரிசைப்படுத்தும் வேலை. டப்பாக்களில் எண் இருக்காது, இருந்தாலும் பொய் சொல்லும். துப்பு வேறு இடங்களில் கிடைக்கும். கோடாக் பிலிமின் ஓரத்தில் சதுரம், வட்டம், முக்கோணம் எனச் சிறு குறிகள் இருக்கும். அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும் சங்கேதம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும் என்பதால் கார், உடை, கடைப்பலகை ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் எந்த இருபது என்று உறுதியாகும். கழுவிவந்த உறைமேல் தபால் முத்திரை இருக்கலாம். சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் வெளிச்சம் பட்டு வெளிறிய சில படங்கள் இருக்கும், எங்கே சுருள் மாறியது என்று அவை காட்டும். மற்றதற்கு ரயில் டிக்கெட், டைரி, கூடப் போன நண்பர். இவ்வளவு சேர்த்தும் படகுத்துறையில் சிரித்த அந்தக் கிழவர் யார் என்று தெரியாமல் போகலாம்.

இங்கேதான் மனைவி தீர்மானம் எடுக்கவேண்டும். யார் பேசுவது? இந்தக் கேள்விக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த இரண்டு பதில்கள் என்னை மிகவும் பாதித்தவை.

முதலாவது ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் கிளாவோகரின் படம். 2013 டிசம்பரில், கருப்பொருள் எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஓராண்டு எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிப் படம் பிடிப்பது என்று கிளம்பினார். கூட ஒளிப்பதிவாளர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர். பால்கன் நாடுகள், இத்தாலி, வடமேற்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா. 2014 ஏப்ரலில் லைபீரியாவில் மலேரியாவில் இறந்தார். நாலரை மாதப் பயணம், சுமார் எழுபது மணிநேரக் காட்சி, கதை இல்லை, திட்டம் இல்லை. அவருடைய படங்களை நெடுநாளாக எடிட் செய்துவந்த மோனிகா வில்லி அதை 2017-இல் முடித்தார். மனைவி அல்ல, ஆனால் அவர் கண்ணை அறிந்த பெண். அவர் பயணத் தேதிப்படி அடுக்கவில்லை, ஒரு காட்சி இன்னொன்றைக் கூப்பிடும் விதத்தில் அடுக்கினார். பேச்சுக்குக் கிளாவோகர் வழியில் எழுதிவைத்த குறிப்புகளையே எடுத்துக்கொண்டார். ஆனால் அவற்றை வாசிக்க ஆண் குரலைத் தேடவில்லை. ஆங்கிலப் பதிப்பில் ஃபியோனா ஷா என்ற நடிகை வாசித்தார். சொல் இறந்தவருடையது, குரல் ஒரு பெண்ணுடையது. கேட்பவருக்கு ஒரு நொடிகூட ஏமாற்று நடக்கவில்லை, அவர் இல்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. படத்துக்கு 'தலைப்பிடப்படாதது' என்றே பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது பயணப் படம் அல்ல, ஆனால் முடித்தவர் மனைவி. சிலி நாட்டு இயக்குநர் ராவுல் ரூயிஸ் 1967-இல் தன் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். மனைவியை இழந்த ஒருவனை அவளுடைய ஆவி விடாமல் தொடர்வதுதான் கதை. ஒலி சேர்க்கக் காசில்லாமல் படம் நின்றது. 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் ரூயிஸ் பிரான்சுக்குப் போய்விட்டார், 2011-இல் பாரிசில் இறந்தார். சுருள்கள் சந்தியாகோவில் கண்டெடுக்கப்பட்டபோது நடிகர்கள் வாயசைக்கிறார்கள், பேச்சு இல்லை. அவருடைய மனைவியும் இயக்குநரும் எடிட்டருமான வலேரியா சார்மியெந்தோ, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்து அந்த வசனங்களை மீட்டார். படம் கொஞ்சம் நீளம் குறைவு. அதற்கு அவர் புதிதாக எதையும் எடுத்துச் சேர்க்கவில்லை. இருந்ததையே பின்னோக்கி ஓடவிட்டு இரண்டாம் பாதியாக்கினார். 2020-இல் பெர்லின் விழாவில் அது திரையிடப்பட்டது. மனைவியை இழந்தவனின் கதையைக் கணவனை இழந்தவர் முடித்தது தற்செயல்தான். ஆனால் அந்த இரண்டாம் பாதி கணவர் செய்யாதது, தன்னுடையது என்பதை அவர் மறைக்கவில்லை. படத்தின் பெயரிலேயே 'அதன் உருக்குலைக்கும் கண்ணாடியும்' என்று சேர்த்துவிட்டார்.

குரல் மாறினால் படம் மாறும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. தமிழின் பயண எழுத்துக்கு வித்திட்ட ஏ.கே. செட்டியார் உலகமெங்கும் அலைந்து ஐம்பதாயிரம் அடி பிலிம் திரட்டி, காந்தியைப் பற்றிய ஆவணப் படத்தை 1940-இல் தமிழ் வர்ணனையோடு வெளியிட்டார். பிறகு மற்ற மொழிக் குரல்களோடும் வந்தது. இன்று நம் கையில் இருப்பது பின்னால் அமெரிக்காவில் சுருக்கிச் செய்த ஆங்கில வடிவம். காந்தி அதில் நடக்கிறார், செட்டியாரின் தமிழ் அதில் இல்லை.

ஆகவே அந்தக் கதையின் பெண்ணுக்கு நான் வேண்டுவது இது. கணவர் போலப் பேச முயலவேண்டாம். அவர் எழுதியது கிடைத்தால் அவர் எழுதியது என்று சொல்லி வாசிக்கட்டும். கிடைக்காத இடத்தில் 'இந்தப் படகுத்துறை எது என்று எனக்குத் தெரியவில்லை, அப்போது நான் ஊரில் கைக்குழந்தையோடு இருந்தேன்' என்று தன் குரலில் சொல்லட்டும். அவர் பயணத்தில் இருந்த மாதங்களில் வீட்டில் நடந்ததும் அந்தப் பயணத்தின் பகுதிதான், அதை அவளைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. அவர் போகாமல் விட்ட கடைசி ஊருக்கு அவள் போய் எடுத்துச் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் அது வேறு கேமரா, வேறு நிறம் என்று தெரியட்டும். பழைய பிலிம் போலக் கீறலும் மங்கலும் பூசி ஒட்டவேண்டாம். ஒட்டு தெரிவதே அந்தப் படத்தின் நேர்மை.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படிச் சுருளோ, பழைய வீடியோ கேசட்டோ இருந்து, எடுத்தவர் உயிரோடு இருந்தால், இந்த மாதமே அதைக் கணினிக்கு மாற்றுங்கள். அவரை அதன்முன் உட்காரவைத்து ஓடவிடுங்கள். பக்கத்தில் கைபேசியில் குரல் பதிவை இயக்கிவிட்டு, 'இது எந்த ஊர், இவர் யார்' என்று மட்டும் கேளுங்கள். ஓசாவுக்கு அந்த வசதி தேவைப்படவில்லை, அவர் கூடவே போனவர். நம் வீட்டுப் பெண்களில் பலர் கூடப் போகாதவர்கள். பரணில் டப்பா இன்னும் சில காலம் தாங்கும், சொல்லவேண்டியவர் தாங்குவார் என்று காத்திருக்கவேண்டாம்.